இன்னும் 22 ஆண்டுகளாம்!

குப்பைமேட்டுக்கு ஆயுள் கணிக்க நம்மூரில் சோதிடர் வேண்டாம், ஒரு செய்தியாளர் கூட்டம் போதும். ஒருவர் மைக்கைத் தட்டிவிட்டு "இன்னும் 22 ஆண்டுகள் தாங்கும்" என்பார். எதை வைத்து என்று யாரும் கேட்பதில்லை, தேநீர் ஆறிவிடும் அல்லவா!

அந்த 22 எங்கிருந்து முளைக்கிறது என்று பார்ப்போம். ஒரு கற்பனை மேடு. அதில் மீதமுள்ள இடம் 12 மில்லியன் கனமீட்டர். நாளொன்றுக்கு 1,500 டன் குப்பை வருகிறது, ஆண்டுக்கு 547,500 டன். ஒரு கனமீட்டரில் ஒரு டன் குப்பையை அடைக்கலாம் என்று வைத்துக்கொண்டு வகுத்தால், வந்துவிட்டது ஏறக்குறைய 22 ஆண்டு. இதில் மூன்று பொய்கள் இருக்கின்றன.

முதல் பொய், மண்ணை மறந்தது. கொட்டிய குப்பையை அன்றன்று மண் போட்டு மூட வேண்டும். அந்த மண்ணுக்கும் இடம் வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் குப்பைக்கு மிஞ்சுவது 9.6 மில்லியன் கனமீட்டர். ஆயுள் பதினேழரை ஆண்டாக இறங்குகிறது.

இரண்டாவது பொய், அந்த ஒரு டன். கனமான இயந்திரம், அரை மீட்டருக்கு மேல் போகாத அடுக்கு, ஒவ்வொரு அடுக்கின் மேலும் பலமுறை ஓட்டம், இத்தனையும் கூடினால்தான் குப்பை நன்றாக இறுகும். மாலையில் மழை கொட்ட, வாசலில் லோரிகள் வரிசை கட்டி நிற்க, புல்டோசர் ஆளுயர அடுக்கைத் தள்ளிவிட்டு ஒருமுறை மேலே ஏறி இறங்கினால் என்ன இறுகும்? விளம்பரத் தாளில் டீசல் செலவாவதில்லை, அதனால் அங்கே குப்பை எப்போதும் நன்றாக இறுகியே கிடக்கும். கனமீட்டருக்கு 750 கிலோ என்று இறங்கி வந்தால், அந்த மேட்டில் அடங்குவது 7.2 மில்லியன் டன். ஆயுள் 13 ஆண்டு.

750 என்பதும் வாய்வார்த்தையா என்று கேட்பவருக்கு வழி இருக்கிறது. ஆறு மாத இடைவெளியில் மேட்டை இருமுறை அளந்து, எவ்வளவு இடம் நிரம்பியது என்று பார்க்க வேண்டும். அதே ஆறு மாதத்தில் எடைமேடையில் பதிவான டன்னை அந்த இடத்தால் வகுக்க வேண்டும். 273,750 டன் வந்து 456,250 கனமீட்டர் நிரம்பியிருந்தால் விடை 0.6. இந்த எண்ணுக்குள் மண்ணும் அடக்கம். ஆகவே அதை முழு 12 மில்லியனோடு பெருக்கினால் போதும், அதே 7.2 மில்லியன் டன் வந்து நிற்கும். மண்ணை இன்னொரு முறை கழிக்கக் கூடாது. ஒரு சூதும் உண்டு: மழைக்காலத்தில் நனைந்த குப்பை எடை கூடிக் காட்டும். அந்த மாதங்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், மேட்டுக்குத் தண்ணீராலேயே ஆயுள் கூட்டிவிடலாம்.

மூன்றாவது பொய்தான் எல்லாவற்றிலும் கொழுத்தது. அடுத்த 22 ஆண்டும் குப்பை இன்றைய அளவிலேயே நிற்குமாம்! புதிய அடுக்குமாடிக்கு அடிக்கல் நாட்டும் கைகளே இந்தக் கணக்கிலும் கையெழுத்துப் போடுகின்றன. குப்பை ஆண்டுக்கு 4 விழுக்காடு வளர்கிறது என்று வைத்துப் பாருங்கள்:

```
n = ln(1 + g × M / W) / ln(1 + g)
  = ln(1 + 0.04 × 7,200,000 / 547,500) / ln(1.04)
  ≈ 10.8
```

இதில் M மேட்டில் அடங்கும் டன், W முதல் ஆண்டுக் குப்பை, g வளர்ச்சி. 22 ஆண்டு 11-க்கும் கீழே போயிற்று. அழுகும் குப்பை அமிழ்ந்து கொஞ்சம் இடம் திரும்பத் தரும், உண்மைதான். ஆனால் மேட்டை மூடிய பிறகு அமிழ்வதால் யாருக்கு லாபம்?

பூச்சோங் மக்களுக்கு இதெல்லாம் பாடப்புத்தகம் இல்லை. நாட்டின் முதல் பொறியியல் முறைக் குப்பைமேடான ஆயர் ஹீத்தாம் அவர்கள் பக்கத்தில்தான் 1995-இல் திறந்தது, 2006 இறுதியில் மூடியது. ஒரு பிள்ளை ஆரம்பப்பள்ளியில் சேர்ந்து இடைநிலைப்பள்ளியை முடிக்கும் காலம்தான். மறு ஆண்டே கோல சிலாங்கூரின் ஜெராமில் வேறொரு மேடு திறந்தது. சுபாங் ஜெயாவின் குப்பை அங்கே பயணமானது.

சுபாங் ஜெயாவே சீபீல்ட் ரப்பர் தோட்டத்தின் மேல் எழுந்த ஊர். தோட்டம் போய் வீடு வந்தது, வீட்டிலிருந்து குப்பை வந்தது, குப்பை இப்போது செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போய்க் குவிகிறது. தோட்டத்து மண்ணை எடுத்துக்கொண்ட நகரம் கடனை எப்படித் திருப்பித் தருகிறது பாருங்கள்!

மேடு நிரம்பும் நாள் நெருங்கினாலும் கவலை வேண்டாம், "ஆயுள் நீட்டிப்பு" என்றொரு அறிவிப்பு வரும். குப்பை குறைந்துவிட்டதா? இல்லை. நன்றாக இறுகியதா? அதுவும் இல்லை. மேட்டின் உயரத்தை இன்னும் சில மீட்டர் கூட்ட அனுமதி கிடைத்திருக்கும். அதன் நிழலில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் செய்தியாளர் கூட்டத்தில் நாற்காலி போடுவது வழக்கமில்லை.