தாசில்தார் தலைமறைவு

எங்கள் வீட்டுப் பூனைக்குப் பெயர் தாசில்தார். வைத்தவர் என் அம்மா. "பத்து மணிக்கு வந்து நாற்காலியில உட்கார்றாரு. கூப்பிட்டா திரும்பிப் பார்க்கிறதில்ல. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் டாண்ணு எந்திரிக்கிறாரு. வேற என்ன பேரு வைக்கிறதாம்?" என்றார். அன்று முதல் வீட்டில் என்னை 'டேய்' என்றும் பூனையை 'அவர்' என்றும் அழைப்பது வழக்கமாகிவிட்டது.

அப்பேர்ப்பட்ட அதிகாரி போன தீபாவளியன்று தலைமறைவானார். தவறு முழுக்க என்னுடையது.

வெடி வெடிக்கக் காலையில் 6 முதல் 7, மாலையில் 7 முதல் 8 என்று அரசாங்கம் நேரம் குறித்திருக்கிறது. எங்கள் மதுரைத் தெருவில் அதைப் படித்தவர் ஒருவரும் இல்லை. விடிகாலை நாலேகாலுக்கு எதிர்வீட்டில் முதல் அணுகுண்டு விழுந்தது. தலையில் நல்லெண்ணெய் வழிய மணையில் உட்கார்ந்திருந்த நான் திரும்பிப் பார்ப்பதற்குள் தாசில்தார் பீரோவுக்குப் பின்னால் போய்ச் சொருகிக்கொண்டார். டார்ச் அடித்துப் பார்த்தேன். காதுகள் தலையோடு ஒட்டிக்கிடந்தன. கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பு. வயிறு தரையில் பதிந்திருந்தது.

எனக்கு மனசு தாங்கவில்லை. "வாங்க சாமி, நான் இருக்கேன்ல" என்று கையை விட்டு, முன்னங்காலைப் பிடித்து, வெளியே இழுத்து மார்போடு அணைத்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து ஆயிரம் வாலா. அவர் என் மார்பில் ஒரு கால், தோளில் ஒரு கால், எண்ணெய் வழியும் மண்டையில் ஒரு கால் வைத்து ஏறி, திறந்துகிடந்த கொல்லைக் கதவு வழியாகப் பறந்தார். ஊரே புதுச்சட்டை காட்டிய நாளில் நான் கட்டுப்போட்ட கையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் தெருத்தெருவாக "தாசில்தார்! தாசில்தார்!" என்று கத்தினேன். பட்டா விஷயமாக அலைகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் அனுதாபப்பட்டார்கள். மூன்றாம் நாள் இரவு ஒரு மணிக்கு, ஊர் அடங்கிய பிறகு, சத்தம் காட்டாமல் டார்ச்சோடு போனேன். மூன்றாவது வீட்டு மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் மோட்டாருக்குப் பின்னால் இரண்டு பச்சை விளக்குகள் மின்னின. பயந்த பூனை ஊரைவிட்டெல்லாம் ஓடாது, பக்கத்திலேயே ஒரு பொந்தில் வாயை மூடிக்கொண்டு கிடக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பூனையைப் பார்த்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

"ஏன் சார் இழுத்தீங்க?"

"ஆறுதல் சொல்லத்தான் டாக்டர்."

"ஒளியறதுதான் சார் அவருக்கு ஆறுதல். அதைத்தான் நீங்க புடுங்கிட்டீங்க."

அதற்குப் பிறகு விளக்கினார். நமக்கு இருபதாயிரம் ஹெர்ட்ஸோடு கேட்பது நின்றுவிடும். பூனைக்கு அறுபதாயிரத்துக்கு மேலும் கேட்கும். நமக்கு 'டமார்' என்று மட்டும் விழுவதில் அதற்கு இன்னும் பல சத்தங்கள் இருக்கலாம். ஒடுங்க ஒரு பொந்து கிடைத்தால் அது தானாகத் தேறும். நாம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். தானாக வந்து உரசினால் தடவிக் கொடுக்கலாம், அதனால் பயம் கூடிவிடாது. போய் இழுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் ஆடி கடைசியிலேயே ஏற்பாட்டைத் தொடங்கினேன். முதலில் காதைப் பழக்கும் வேலை. வெடிச்சத்தப் பதிவை மிகமிகச் சன்னமாகப் போட்டு, கூடவே அவித்த மத்தி மீன் வைக்க வேண்டும். காது திரும்பலாம், ஆனால் வாய் நிற்கக் கூடாது. சாப்பிடுவதை நிறுத்தினால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், உடனே குறைக்க வேண்டும். தினமும் ஐந்து நிமிஷம், சில நாளுக்கு ஒருமுறை ஒரு புள்ளி சத்தம் கூட்டலாம். முதல் நாள் போன் ப்ளூடூத் ஸ்பீக்கரோடு இணைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆடி மாசத்து நண்பகலில் சரவெடி முழங்கியது. பக்கத்து வீட்டு அக்கா முகம் வாடி ஓடிவந்து, "யாரு தம்பி தவறிட்டா? அம்மா நல்லாத்தானே இருந்தாங்க?" என்றார். பின்னால் நின்ற அம்மா, "இன்னும் இருக்கேன்" என்றார். தாசில்தார் மீனையும் எங்களையும் விட்டுவிட்டுப் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டார். ஒரு வாரம் விட்டு, மறுபடி அடியிலிருந்து தொடங்கினேன்.

இரண்டரை மாதத்தில் குருவி வெடிக்கும் ஓலை வெடிக்கும் அவர் காதை மட்டும் அசைக்கப் பழகினார். அணுகுண்டுக்குப் பழகவில்லை. அது தரையை அதிரவைக்கும், என் போனால் அது முடியாது.

அந்த மிச்சப் பயத்துக்குத்தான் பொந்து. தெருவுக்கு எட்டாத உள்ளறையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, கிரைண்டர் வந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டினேன். உள்ளே என் துவைக்காத லுங்கி. வாசனை பழகியதாக இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தீபாவளிக்கு வீட்டையே துவைத்துப்போட்ட என் மனைவியிடமிருந்து அந்த ஒரு லுங்கியைக் காப்பாற்றியது தனிக்கதை. பெட்டியைப் பதினைந்து நாள் முன்பே வைத்துவிட்டதால் அவர் அதில் தூங்கிப் பழகியிருந்தார். பக்கத்தில் தண்ணீர், எதிர்மூலையில் மணல் டிரே. ஜன்னலை மூடி, மேலே ஜமக்காளம்.

வெளிச்சத்தத்தை மழுக்க டி.வி.யில் தீபாவளிப் பட்டிமன்றம் வைத்தேன். நடுவர் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் நிறுத்த, கைதட்டல் வெடிபோலவே வெடித்தது. தாசில்தார் அதற்கும் நடுங்கினார். அணைத்துவிட்டுப் பழைய டேபிள் ஃபேனைப் போட்டேன். ஒரே சீராக 'கொர்ர்' என்று ஓடும் அதுதான் உதவியது.

அம்மா தன் தூக்க மாத்திரையில் கால்வாசி தருவதாகச் சொன்னார். மனிதர் மாத்திரை எதுவும் கூடாது, ஒரே ஒரு பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அவரே எடை பார்த்து கபாபென்டின் எழுதித் தந்திருந்தார். வெடிக்கு இரண்டு மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டும். அதையும் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். அந்த ஞாயிறு அவர் கல்யாணப் பந்தியில் அதிகம் சாப்பிட்டவர்போல லேசாகத் தள்ளாடி நடந்து, பிறகு தூங்கினார். அதுவே சரியான அளவு என்றார் மருத்துவர்.

தீபாவளியன்று முதல் வெடிக்கு இரண்டு மணி நேரம் முன்பு, அதாவது ராத்திரி இரண்டேகாலுக்கு, எழுந்து மாத்திரை கொடுத்தேன். கொல்லைக் கதவு முந்தின இரவே தாழ். அணுகுண்டு வெடித்தது. பெட்டிக்குள் ஒரு சலசலப்பு, பிறகு அமைதி. நான் கையை உள்ளே விடவில்லை. கட்டிக்கொள்ளச் சொன்னது என் மனசு, அவர் அல்ல. தரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன். இரவு ஒன்பதரைக்குத் தாசில்தார் வெளியே வந்து, சோம்பல் முறித்து, தட்டில் இருந்ததில் பாதியைச் சாப்பிட்டார்.

உங்கள் வீட்டுப் பூனை ஒளிந்தால் ஒளியட்டும். ஒரு முழுநாள் ஒன்றும் தின்னாவிட்டாலோ, நாய்போல வாய் திறந்து இரைத்தாலோ, ஆண்பூனை டிரேயில் போய்ப் போய் முக்கியும் சிறுநீர் வராவிட்டாலோ, பண்டிகை என்று பாராமல் மருத்துவரிடம் ஓடுங்கள். மற்றபடி, கதவைத் தாழிடுங்கள், கையை உள்ளே விடாதீர்கள்.