பதினாறாம் நாளுக்குள் தாத்தாவை ஆறு நிமிஷமாக்குவது எப்படி?

சாவு வீட்டில் வேலைகள் தாமாகவே ஆள் பிடித்துக்கொள்ளும். பந்தல் சித்தப்பாவுக்கு, சமையல்காரரைப் பார்ப்பது மாமாவுக்கு, பத்திரிகை அடிப்பது பெரியப்பாவுக்கு. இப்போது புதிதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. யாரிடம் விலை கூடிய போன் இருக்கிறதோ அவர் தலையில் ‘வீடியோ’ விழும். எங்கள் தாத்தா போன மூன்றாம் நாள் அது என் தலையில் விழுந்தது. அந்த அனுபவத்திலிருந்து, இதே சங்கடத்தில் மாட்டப்போகும் பேரன் பேத்திகளுக்காகச் சில யோசனைகள்.

முதலில், ஊர் எது என்று தெளிவாக இருங்கள். எங்கள் ஊர் திருவண்ணாமலை. கிரிவலமும் கார்த்திகை தீபமும் உள்ள திருவண்ணாமலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், சிறு குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் நிற்கும் திருவண்ணாமலை. தென்திருப்பதி என்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மட்டும் உலகத்துக்குத் தெரியும். சிங்கப்பூரிலிருக்கும் அத்தை மகன் உதவுகிறேன் என்று இணையத்தில் தேடி, டிரோனில் எடுத்த மலைக் காட்சி ஒன்றை அனுப்பினான். அழகான காட்சி, அண்ணாமலையார் கோபுரத்தோடு. நானும் தூக்கக் கலக்கத்தில் முதல் காட்சியாக வைத்துவிட்டேன். ‘எங்கப்பா எப்போ சைவமானாரு?’ என்று பெரியப்பா கேட்ட பிறகுதான் கண் திறந்தது. ஆகவே மலை வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போய் நீங்களே எடுங்கள். காலை ஏழு மணி வெளிச்சம், போனைச் சுவரில் சாய்த்து வைத்து இருபது விநாடி, கையை ஆட்டாமல். அது போதும்.

அடுத்து, படங்கள். ‘தாத்தா போட்டோ இருந்தா அனுப்புங்க’ என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டீர்கள் என்றால் இரண்டு விஷயம் நடக்கும். முதலாவது, எல்லோரும் தங்கள் கல்யாணப் படத்தை அனுப்புவார்கள். தாத்தா மூன்றாம் வரிசையில் ஒரு காது மட்டும் தெரிய நிற்பார். இரண்டாவது, அனுப்பிய படமெல்லாம் சுருங்கி வந்து சேரும். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் அளவைக் குறைத்துவிடும். ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, வீடு வீடாகப் போய் ஆல்பத்தையே தூக்கி வருவது. காப்பியும் கிடைக்கும்.

பழைய பெட்டிக் கேமராப் படங்கள் இரண்டேகால் அங்குலச் சதுரம்தான் இருக்கும். ராஜபாளையத்தில் ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்து ‘ஸ்கேன் பண்ணுங்க’ என்று மட்டும் சொன்னால், பெரும்பாலும் முந்நூறு டிபிஐ-யில் போட்டுக் கொடுத்துவிடுவார். இரண்டேகால் அங்குலத்துக்கு அது 675 புள்ளி. உங்கள் வீடியோவின் உயரமோ 1080 புள்ளி. படத்தைத் திரைக்கு ஏற்ப இழுத்தால் தாத்தா ஆவியாகத் தெரிவார், அதுவும் பதினாறாம் நாள் அன்றைக்கு. அறுநூறு கேளுங்கள்; 1350 புள்ளி கிடைக்கும். கொஞ்சம் நெருங்கிப் போகவும் இடமிருக்கும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும், யாரோ எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும். சட்டக் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை வீரத்தோடு பிய்க்க வேண்டாம். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்வதுதான் வழி.

வரிசைக்கு வருவோம். வழக்கமான முறை உங்களுக்குத் தெரியும்: மாலை போட்ட பெரிய படம், மேலிருந்து ரோஜா இதழ் உதிர்வது, ‘தோற்றம், மறைவு’ என்று இரண்டு தேதி. இந்தத் தோற்றத்தில்தான் எங்கள் வீட்டில் அடிதடி. ஆதாரில் ஒரு வருஷம், மில்லில் சேர்ந்தபோது கொடுத்த வயது வேறு, அப்பத்தா சொல்வது ‘பெரிய மழை வந்த வருஷம்’. மூன்றும் சேராது. நான் தோற்றத்தைத் தூக்கிவிட்டு, மில்லின் சர்வீஸ் கார்டில் இருந்த சேர்ந்த தேதியையும் ஓய்வு பெற்ற தேதியையும் போட்டேன். அந்த இரண்டும் சண்டைக்கு வராத தேதிகள்.

தாத்தா முப்பத்துநாலு வருஷம் நூற்பு மில்லில் ரிங் பிரேம் ஓட்டியவர். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பிறகு அந்தப் பக்கம் மில்கள் பெருகின. தாத்தா போனது வேறொரு மில், பேர் வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து சைக்கிள். அவருக்கு இருந்த படங்களோ மொத்தம் அறுபத்துமூன்று. அதில் ஐம்பதுக்கு மேல் ஓய்வு பெற்ற பிறகு எடுத்தவை. இருபது வயதிலிருந்து நாற்பது வரை நான்கே படம். காலவரிசைப்படி அடுக்கினால் அவர் வாலிபம் அரை நிமிஷம், கிழப்பருவம் ஐந்தரை நிமிஷம் வரும். பார்க்கிறவர் அவர் கிழவராகவே பிறந்தார் என்று நினைத்துக்கொள்வார்.

இதற்கு வைத்தியம், படத்தை முதலில் அடுக்காமல் இருப்பது. குரலை முதலில் பதிவு செய்யுங்கள். குரல் எங்கே போகிறதோ அங்கே படத்தை வையுங்கள். படமில்லாத வருஷங்களுக்கு அவருடைய டிபன் கேரியர், சைக்கிள் பூட்டு, கையெழுத்து விழுந்த கூலிச் சீட்டு ஆகியவற்றைத் திண்ணை நிழலில் வைத்து எடுங்கள். தனிப் படத்துக்கு ஏழு விநாடி போதும். கூட்டமாக நிற்கும் படத்துக்குப் பன்னிரண்டாவது வேண்டும். பார்க்கிறவர்கள் முதலில் தங்களைத் தேடுவார்கள், அப்புறம்தான் தாத்தாவை. இந்தக் கணக்கில் ஆறு நிமிஷத்துக்குள் நாற்பது படம் தாண்டாது. மிச்சம் இருபத்துமூன்று படத்தில் யார் யார் விடுபட்டார்கள் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொருவரிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் விட்ட சின்ன மாமா இன்னும் பேசவில்லை.

குரல் பதிவுதான் இதில் பெரிய வேலை. ‘தாத்தாவைப் பத்திச் சொல்லுங்க’ என்று கேட்டால் எல்லோரும் ஒரே வாக்கியம் சொல்வார்கள்: ‘தங்கமான மனுஷன்.’ ஏழு பேரிடம் கேட்டு ஏழு தங்கம் சேர்த்தேன். எட்டாவதாக அத்தையிடம் கேள்வியை மாற்றினேன். ‘தாத்தா முழு நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் முதல்ல என்னத்தை செய்வாரு?’ அத்தை யோசிக்கவே இல்லை. ‘வாசல்லயே நிப்பாரு. புருவமெல்லாம் பஞ்சு. மீசையில பஞ்சு. துண்ட உதறாம அம்மா உள்ள விடமாட்டா. நான்தான் எக்கி எக்கித் தட்டி விடுவேன். கிழவன் மாதிரி இருப்பாரு, தட்டுனா இளவட்டமாயிருவாரு.’ முப்பது விநாடிகூட இல்லை. இதன் கீழே என்ன படம் வைப்பது? வெள்ளைத் தலையோடு இருக்கும் கடைசிப் படத்தை வைக்கத்தான் கை போகும். அடக்குங்கள். எண்ணெய் தடவி வகிடெடுத்த கல்யாணப் படத்தை வைத்தேன். நரைத்த படம் இரண்டு நிமிஷம் கழித்து வரும்போது யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். வேர்க்கும், பரவாயில்லை. போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள். ‘ப’ சொல்லும்போது காற்று அடிக்காது. காலி அறையில் குரல் எதிரொலிக்கும். துணிமணி, மெத்தை கிடக்கும் அறையே நல்லது. பேச்சு முடிந்ததும் எல்லோரையும் வாயைப் பொத்தச் சொல்லி முப்பது விநாடி சும்மா பதியுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் அந்த அறையின் அமைதியை இட்டு நிரப்பலாம். இல்லையென்றால் வெட்டு விழுந்த ஒவ்வோர் இடத்திலும் சத்தம் அறுந்து விழுவது தெரியும். எங்கள் வீட்டில் அந்த முப்பது விநாடி அமைதியைப் பிடிக்க நான்கு முறை முயன்றேன். மூன்று முறை அப்பத்தா, ‘இன்னுமா எடுக்க?’ என்றாள்.

பாட்டு என்று வந்தால் குடும்பத்தில் எல்லோரும் இசையமைப்பாளர்கள். ‘பாதகாணிக்கை’ படத்தில் கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ். பாடிய அந்தப் பாட்டு என்று பெரியப்பா. எது என்று நான் சொல்லவேண்டியதில்லை, தமிழ்நாட்டுச் சாவு வீடுகளில் பாதி அதில்தான் நடக்கிறது. முகாரியில் நாகசுரம் என்று மாமா. வீட்டுக்குள் போட்டுப் பார்க்க எதுவும் செய்யலாம். யூடியூபில் ஏற்றினால் அங்குள்ள இயந்திரம் பாட்டை அடையாளம் கண்டு, உரிமை வைத்திருக்கும் கம்பெனியைப் பொறுத்துச் சத்தத்தை நிறுத்தலாம், வீடியோவையே மறைக்கலாம். பழைய பாட்டுதானே என்று வாதாட வேண்டாம். இந்தியச் சட்டப்படி பாடல் வரிக்கு, எழுதியவர் காலமான பிறகும் அறுபது வருஷம் உரிமை உண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981-இல். 2041 முடியும்வரை பொறுங்கள். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. வார்த்தை உள்ள பாட்டின் மேல் அத்தை பேசினால், காது பாட்டின் பின்னாலேயே போகும். டி.எம்.எஸ். குரலோடு அத்தை போட்டி போட முடியாது.

எனக்கும் ஒரு யோசனை இருந்தது. மில் சங்கைச் சேர்த்தால் என்ன? ஷிப்டுக்கு ஊதுவது. அந்தச் சத்தத்தில்தானே அவர் வாழ்ந்தார்? அத்தையிடம் சொன்னேன். ‘ஏலே, செத்த வீட்டுல இன்னொரு சங்கா?’ என்றாள். அதோடு போயிற்று. கடைசியில் தம்புரா சுருதி மட்டும் வைத்தேன், இரண்டே இடத்தில்: தொடக்கத்தில் மலை தெரியும்போது, முடிவில் டிபன் கேரியர் தெரியும்போது. குரல் வருவதற்கு மூன்று விநாடி முன்பே அது கரைந்து போய்விடும். குரலுக்குக் கீழே இசை வைத்தே ஆகவேண்டும் என்பவர்கள், குரலைவிடப் பதினெட்டு டெசிபலாவது தாழ்த்துங்கள். போனிலேயே கேட்டுப் பார்த்து ‘இசை இருக்கா, இல்லையா?’ என்று சந்தேகம் வந்தால் சரியான அளவு.

ஆனால் போனில் சரியாக இருப்பது பந்தலில் இருக்காது. சவுண்ட் சர்வீஸ்காரர் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் தாழ்ந்த சத்தம் எடுபடாது. என் தம்புரா காணாமலே போயிற்று. பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டரும் வெளிறிப் போகும். முந்தின நாளே அதே பந்தலில், அதே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. பாதியில் கூட்டத்தை வீட்டுக்குள் கூப்பிட்டு டிவியில் போட்டோம். அப்பத்தா முன்வரிசையில் உட்கார்ந்து, ‘சத்தத்தைக் கூட்டுடா, அவருக்குக் காது கேக்காதுல்ல’ என்றாள். ரிங் பிரேம் சத்தத்தில் தாத்தாவுக்குக் காது போய் வருஷம் முப்பதாகிறது. அடக்கமான இசை வேண்டுமென்று நான் பட்ட பாட்டில் அவருக்கு ஒரு பொட்டுக்கூடக் கேட்டிருக்காது.

ஒன்று மட்டும் முடியாமல் கிடக்கிறது. மில் வாசலில் எடுத்த கூட்டப் படம், பின்னால் பென்சிலில் 1971 என்று இருக்கிறது, பேர்கள் இல்லை. பதினொரு பேர். பத்துப் பேரை ஊரில் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டேன். இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் தாத்தாவின் தோளில் கை போட்டிருக்கிறார், ஒட்டிய கன்னம், மேல் பொத்தான் போடாத சட்டை, கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் யாராவது வீட்டில் இதே படம் மாட்டியிருந்தால், அவர் பேரைச் சொல்லுங்கள்.