பதினோரு முறை போட்ட ஷூ

தங்கை மகள் கல்யாண வரவேற்பில் நான் நடந்த வழியெல்லாம் கறுப்புத் துகள் கொட்டிக் கிடந்தது. பின்னாலேயே வந்த ஒரு பொடியன், "தாத்தா, உங்க ஷூ உதிருது" என்று ஒரு துண்டைப் பொறுக்கி என் கையில் கொடுத்தான். மேடையேறி மொய்க் கவரை நீட்டும்போது என் குதிகால் ஏறக்குறைய தரையில் இருந்தது.

3,200 ரூபாய் ஷூ. ஐந்து வருடம் பெட்டியோடு பீரோவில் வைத்துப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தேன். போட்டது பதினோரு முறை. வகுத்தால் ஒரு தடவைக்கு 291 ரூபாய். ஒவ்வொரு விசேஷத்துக்கும் தெருமுனைக் கடையில் 300 ரூபாய்க்குப் புதுச் செருப்பு வாங்கி, சாப்பிட்டு முடித்ததும் மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தாலும் கிட்டத்தட்ட அதே செலவுதான்.

மறுநாள் செருப்புத் தைக்கும் பெரியவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பி.யூ. சோல் சார். ஒட்டினா பசை பிடிக்கும், சோல் பிடிக்காது." பாலியூரிதேன் சோல் காற்றிலுள்ள ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதையும். போட்டாலும் சிதையும், பெட்டியில் பூட்டி வைத்தாலும் சிதையும். சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, மடங்கும் இடத்தில் மெல்லிய விரிசல் தெரிந்தாலோ, அதைப் போட்டுக்கொண்டு மேடையேறாதீர்கள்.

அன்றைக்கே கணக்கு நோட்டைத் திறந்தேன். ஆபீசுக்குப் போட்ட 300 ரூபாய்ச் செருப்பு, வெறும் பசையில் ஒட்டியது, நூறு நாள்தான் வந்தது. நாளுக்கு மூன்று ரூபாய். பெரியவர் காட்டிய தோல் செருப்பு 1,400 ரூபாய். ஓரமெல்லாம் தையல், அடியில் ரப்பர் சோல், தேய்ந்தால் மாற்றலாம். 467 நாள் தாண்டினால்தான் மலிவுச் செருப்பைவிட லாபம். வாங்கிப் போட்டேன், எனக்கு ஆயிரம் நாள் உழைத்தது. நடுவில் இரண்டு தடவை சோல் மாற்ற 700. ஆக, நாளுக்கு 2 ரூபாய் 10 காசு. என்ன, குதிகாலின் வெளி ஓரம் தேயும்போதே பெரியவரிடம் போக வேண்டும். தேய்மானம் தையல் நூலைத் தின்றுவிட்டால் மேல் தோலும் போச்சு.

ஜெயித்துவிட்டோம் என்று நோட்டை மனைவியிடம் காட்டினேன். அவள் வாசலைக் காட்டினாள். அங்கே என் 180 ரூபாய் ஹவாய். வார் ஒருமுறை மாற்ற 40. அதன்பின் குமிழ் பிடுங்கிக்கொண்டு வந்தபோது அடியில் ஊக்கு குத்தியது இலவசம். பதினான்கு மாதம், 420 நாள். நாளுக்கு 52 காசு! ஆனால் ஆபீசுக்கு அதைப் போட்டுக்கொண்டு போக முடியுமா?

கோயிலுக்கு மட்டும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். தோல் செருப்பு கோயில் வாசலில் காணாமல் போனால் ஆயிரம் நாள் கணக்கு அன்றோடு முடிந்துவிடும். ஊக்கு குத்திய ஹவாயை இதுவரை யாரும் எடுக்கவில்லை.