முடிவுரைக்கு முதலிடம்

கேள்வி: உயர்தர அரசறிவியல் வினாத்தாளில் ஒவ்வொரு கட்டுரையும் முடிவுரைக்கு முன்பே நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?
– மாணவி, இறக்குவானை

பதில்: தங்கச்சி, மூன்று மணித்தியாலத்தில் ஐந்து வினா என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம். முதல் 4 நிமிடம் திட்டத்துக்கு. அதில் முடிவுரையைத்தான் முதலில் ஒரு வரியாக எழுத வேண்டும்.

‘1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை எவ்வாறு பாதித்தது?’ என்று வந்தால், ‘குடியுரிமை போனதால் வாக்குப் போனது, வாக்குப் போனதால் அவர்கள் தலைவிதியைப் பிறர் பேசித் தீர்த்தனர்’ என்று ஓரத்தில் குறியுங்கள். அதைத் தாங்க மூன்று சான்று போதும்: 1948 சட்டம், 1947இல் ஆசனங்கள் வென்ற இலங்கை இந்தியர் காங்கிரஸ் 1952இல் ஒன்றும் பெறாதது, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்.

முன்னுரைக்கு 3 நிமிடம், சான்றுக்கு எட்டெட்டு, முடிவுரைக்கு 3, சரிபார்க்க 2.

கோப்பித் தோட்டக் காலத்திலிருந்து புறப்பட்டால் 1948க்கு வருமுன் மணியடித்துவிடும். முதல் பக்கம் நிரம்பியும் அந்த ஆண்டு வரவில்லையா? வழி தவறிவிட்டீர்கள். நேரம் பிந்தினால் மூன்றாம் சான்றை இரண்டே வாக்கியமாகச் சுருக்குங்கள், முடிவுரையில் கைவைக்காதீர்கள்.