அப்பா அம்மாவை அழைத்து வருவது எப்படி? பொறுப்புள்ள பிள்ளைகளுக்கு ஒரு கையேடு

முதலில் நேரம் பார்க்க வேண்டும். பெற்றோர் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. எடுத்தால் அவர்களும் ஏதாவது கருத்துச் சொல்லிவிடுவார்கள். யாராவது ஒருவர் கீழே விழும்வரை பொறுத்திருங்கள். விழுந்த செய்தி வந்த 24 மணி நேரத்துக்குள் முடிவெடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்குத் தோதாக நம்மூர் இரவு 11.30 மணிக்கு வாட்ஸ்அப்பில் கூடுவது உத்தமம். சம்பந்தப்பட்ட இருவரும் ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார்கள் என்பது இந்த முகூர்த்தத்தின் தனிச்சிறப்பு.

கும்பகோணத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 78 வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அம்மாவுக்கு 72. மூத்த மகன் சென்னையில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில். மகள் கோயம்புத்தூரில். சின்ன மகன் டல்லாஸில். ஒருநாள் பின்னிரவில் அப்பா சிறுநீர் கழிக்க எழுந்து, கொல்லைப்புறக் கழிவறை வாசலில் சரிந்தார். எலும்பு முறியவில்லை, நெற்றியில் தையல் மட்டும்.

அன்றிரவே கூட்டம். "இனிமே அங்க விட்டு வைக்கிறது ரிஸ்க்ணா. பேசாம நீ கூட்டிட்டுப் போயிடு" என்றான் சின்னவன், பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து. கையேட்டின்படி பார்த்தால் அப்பழுக்கற்ற தொடக்கம்.

இந்தக் கட்டத்தில் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்: அப்பா ஏன் விழுந்தார்? கேட்டால் காரியம் கெட்டுவிடும். படுத்திருந்த முதியவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கலாம், கண் இருட்டலாம். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை என்று இரண்டையும் சாப்பிடுகிறவருக்கு இன்னும் அதிகமாகவே இறங்கலாம். அதற்குமேல் இருட்டு நடை, ஈரத்தரை, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத சுவர். மருத்துவரிடம் மாத்திரைகளைக் காட்டி வேளையையோ அளவையோ மாற்றச் சொல்லலாம். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் உட்காரச் சொல்லலாம். நடையில் இரவு விளக்கு, கழிவறைச் சுவரில் கைப்பிடி, கட்டிலருகே ஒரு மூத்திரக் குடுவை. எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய். அவ்வளவு மலிவாகப் பிரச்சினை தீர்ந்துவிட்டால், மூன்று பிள்ளைகள் ராத்தூக்கம் கெட்டுப் பேசியதற்கு என்ன மரியாதை?

அதேபோல் எதையும் அளந்து பார்க்கவும் கூடாது. வயதை மட்டும் பாருங்கள். 78 என்றால் 78. உலகமெங்கும் முதியோர் மருத்துவர்கள் செய்கிற நாற்காலிச் சோதனை ஒன்று இருக்கிறது, அதைப் பக்கத்திலேயே அண்டவிடாதீர்கள். கைவைத்த நாற்காலி ஒன்று, அதிலிருந்து மூன்று மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு. வழக்கமான செருப்போடு, கைத்தடி இருந்தால் அதோடு, எழுந்து கோடுவரை இயல்பாக நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்க, இன்னொருவர் மணி பார்க்க வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று பொருள். செலவு இல்லை என்பதாலேயே இதற்கு யாரும் மதிப்புக் கொடுப்பதில்லை.

நம் குடும்பத்தில் விவரம் தெரியாத மகள் மறுநாளே கும்பகோணம் போய் இதைச் செய்துவிட்டாள். அப்பா ஒன்பது விநாடியில் திரும்பி வந்து, "பாஸா?" என்று கேட்டார். அருகில் நின்று சிரித்துக்கொண்டிருந்த அம்மாவையும் விளையாட்டாக உட்காரவைத்தாள். மூட்டு வலியோடு நாற்காலிக் கையை ஊன்றி எழுந்து, கோட்டைத் தொட்டுத் திரும்ப அம்மாவுக்குப் பதினெட்டு விநாடி ஆயிற்று.

விழுந்தவர் ஒருவர், விழப்போகிறவர் இன்னொருவர். இந்த வகைக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் முன்கூட்டியே எச்சரித்தேன்.

வந்தவள் அத்தோடு நிற்கவில்லை. குளிப்பது, உடுத்துவது, கழிவறை போவது, கட்டிலிலிருந்து எழுவது, சாப்பிடுவது, மலசலத்தை அடக்குவது ஆகிய ஆறும் இருவருக்கும் தானாக நடக்கின்றன என்று பார்த்துக்கொண்டாள். அடுத்த வரிசை வேலைகளுக்கு வந்தபோதுதான் சங்கதி வெளிப்பட்டது. சமையல், துணி, மாத்திரைகளை வேளைக்கு எடுத்து வைப்பது எல்லாம் அம்மா. வங்கி, பென்ஷன், மின்கட்டணம், மருந்துக்கடை, ஆட்டோ பேசுவது எல்லாம் அப்பா. அடுப்பைப் பற்றவைத்தால் அணைக்கத் தெரியாத தலைமையாசிரியர் அவர். ஏடிஎம் அட்டையைக் கையில் பிடித்தறியாத இல்லத்தரசி அவள். ஊரார் சொல்வதுபோல் இவர்கள் தனியாக இருக்கவில்லை. ஒருவரை ஒருவர் சார்ந்து இருந்தார்கள். இருவரில் ஒருவர் பதினைந்து நாள் படுத்தால் இன்னொருவரும் அன்றைக்கே பராமரிப்பு தேவைப்படுகிறவர் ஆகிவிடுவார். ஐம்பது ஆண்டு வேலைப் பிரிவினையை யாரும் நோயாகக் கருதுவதில்லை என்பதால் எந்த ரத்தப் பரிசோதனையிலும் இது வராது.

நல்ல பிள்ளைகள் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அவர்கள் நேராக அடுத்த கேள்விக்குப் போவார்கள்: யார் வீட்டில்? கூட்டத்தில் யாருடைய மனைவி இல்லையோ அவர் வீட்டில் என்பது விதி. மகள் "நான் பாத்துக்கிறேன்" என்றால், "பொண்ணு வீட்ல போய் இருந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்று கேளுங்கள். அந்த நான்கு பேரும் ஒருநாள்கூட வந்து மாத்திரை எடுத்துக் கொடுத்ததில்லை என்பது அவர்களுடைய சொந்த விஷயம்.

யாருக்கும் மனம் ஒப்பாவிட்டால் இருக்கவே இருக்கிறது முறை வைப்பது: நான்கு மாதம் இங்கே, நான்கு மாதம் அங்கே. சமத்துவத்தில் இதற்கு ஈடில்லை. நினைவு தடுமாறத் தொடங்கிய முதியவருக்கு ஒவ்வொரு வீட்டிலும் கழிவறை எந்தப் பக்கம் என்று புதிதாகத் தேட வேண்டியிருக்கும்; இரவில் அந்தத் தேடலிலேயே விழுவார். ஊருக்கொரு மருத்துவர் என்றாகும்போது ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு சீட்டில் எழுதி வாங்கி, இரட்டை அளவு சாப்பிடும் வாய்ப்பும் உண்டு. எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் கொட்டிக் காட்டினால் இது பிடிபட்டுவிடும். ஆனால் அந்தப் பை எப்போதும் போன நான்கு மாத வீட்டில்தானே இருக்கும்.

இனி முக்கியமான பாகம்: ஊர் வீடு. அதை உடனே விற்றுவிட வேண்டும். பூட்டிப் போட்டால் கரையான் அரிக்கும் என்று சொல்லுங்கள், உண்மையும்கூட. விற்ற பணத்தில் சென்னை வீட்டில் ஒரு அறை கூடுதலாக எடுக்கலாம். அதற்குப் பிறகு பெற்றோருக்கு இங்கே ஒத்துவராமல் போனாலும் திரும்பிப்போக இடம் இருக்காது. ஆகவே ஒத்துவந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

விற்க மனமில்லை என்றால் தான செட்டில்மென்ட் எழுதி வாங்குங்கள். பத்திரத்தில் "என்னைப் பராமரித்து வர வேண்டும்" என்ற வரி வந்துவிடக் கூடாது. காரணம், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், அந்தப் பத்திரமே செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் அந்தத் தீர்ப்பாயம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 தொடக்கத்தில் வந்த இன்னொரு தீர்ப்போ, இந்தச் சட்டத்தை முதியவருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. ஆக, ஒரு வரி இருந்தால் வழக்கு எளிது, இல்லையென்றால் இழுபறி. எழுதிக்கொடுக்கும் அப்பாக்கள் யாரும் தற்செயலாக இந்தப் பத்தியைப் படித்துவிட வேண்டாம்.

குடியேற்றியபின் செய்ய வேண்டியவை சொற்பம். அம்மாவை அடுக்களைப் பக்கம் விடாமல் "நீங்க ரெஸ்ட் எடுங்க அத்தை" என்று உட்காரவைக்க வேண்டும். தன் கையால் ஒரு ரசம்கூட வைக்காமல் அவர் எதற்காகக் காலையில் எழுகிறார் என்று யாரும் கேட்கப்போவதில்லை. அப்பாவுக்கு வீட்டுச் சாவி தரத் தேவையில்லை, எங்கே போகப்போகிறார்? இரண்டு மாடி இறங்கி ஏறுவதற்கு அஞ்சி அம்மா முதல் மாதமே வெளியே போவதை நிறுத்திவிடுவார். நடக்காத மூட்டும் தொடையும் மேலும் வலுவிழக்கும். ஆறு மாதம் கழித்து அதே நாற்காலிச் சோதனையைச் செய்தால் பதினெட்டு இருபத்தைந்து ஆகியிருக்கும். "நல்லவேளை, கூட்டிட்டு வந்தோம்" என்று அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

கும்பகோணத்துக் குடும்பம் இந்தக் கையேட்டை மதிக்கவில்லை. கழிவறையைப் படுக்கையறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். காலையில் வந்து மதியச் சாப்பாடுவரை செய்துவைக்க ஒரு அம்மாள் கிடைத்தார். மூட்டுக்கு இயன்முறை சிகிச்சை தொடங்கியது. வங்கிக் கணக்கை இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்று கூட்டாக மாற்றி, அம்மாவைக் கையோடு ஏடிஎம்முக்கு அழைத்துப்போனாள் மகள். அப்பா சாதம் வடிக்கவும் காபி போடவும் கற்றுக்கொண்டார். முதல் வாரக் காபியைப் பற்றி அம்மா இன்னும் யாரிடமும் பேசுவதில்லை. தை பிறந்ததும் மூன்று மாதம் சென்னையில் இருந்து பார்ப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பது, விற்பதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று முடிவாயிற்று. இருவரில் ஒருவருக்குக் குளிக்கவோ கழிவறை போகவோ ஆள் வேண்டும் என்ற நிலை வந்தாலோ, ஒருவர் மட்டும் மிஞ்சினாலோ, மறுபடி பேசுவது. அந்தப் பேச்சு பகலில், இருவரையும் வைத்துக்கொண்டு. லிஃப்ட் உள்ள வீட்டுக்கு மாறுவதாக மூத்தவன் சொல்லியிருக்கிறான். இன்னும் மாறவில்லை. அவன் மாறும்வரை அந்த மூன்று மாதம் கோயம்புத்தூரில், தரைத்தள வீட்டில். நான்கு பேர் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை.

இத்தனைக்கும் பிறகு கையேட்டின்படிதான் நடப்பேன் என்பவர்கள் தாராளமாக நடக்கலாம். மற்றவர்கள் அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது அம்மாவை இரண்டு நாள் அடுக்களைக்கு வெளியேயும் அப்பாவை வங்கிக்கு வெளியேயும் நிறுத்திவைத்து, வீடு எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு தம்பிக்குப் போன் செய்யுங்கள்.