தூக்கிட்டு வர்றதுக்கு முன்னால சித்த கேளுங்

வாங், வாங். டிவியத் திண்ணையில சாச்சு வெச்சுட்டு மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிங். நிக்க வெச்சுத்தான் வைக்கோணும், படுக்கப் போட்டுடாதீங். அதுக்கு ஒரு கதை இருக்குது, கடைசியில சொல்றனுங்.

எக்செல்லு வண்டியில, பின்னால ஒரு பையனப் புடிச்சுக்கச் சொல்லி, வேலந்தாவளத்துல இருந்து கொழிஞ்சாம்பாறை வரைக்கும் தூக்கிட்டு வந்துருக்கறீங். பெரிய மனசுதான். ஆனா போன வாட்டி நீங்க வந்தப்ப ஒரு சீட்டுக் குடுத்தனே, அதைப் படிச்சீங்ளா? படிச்சிருக்க மாட்டீங். ஒரு பக்கம் தமிழ்லயும் மறுபக்கம் மலையாளத்துலயும் அடிச்சு வெச்சேன். தமிழ்க்காரரு மலையாளப் பக்கத்தப் பாத்துட்டு இது நமக்கில்லைன்னு மடிச்சுப் போடறாரு. மலையாளத்துக்காரரு தமிழ்ப் பக்கத்தப் பாத்துட்டு அதுல கடலை மடிக்கறாரு. சரி, நானே வாயால சொல்லிப்போடறேன். கேட்டுட்டு நீங்களே கோளாறப் புடிச்சுட்டா என்ற பொழப்புதான் போகும், போனாப் போகுதுங்.

மொதச் சோலி, செவப்பு லைட்டு. டிவிக்கு அடியில பொட்டாட்டம் ஒண்ணு எரியும். எரியலைன்னா ஒடனே "போர்டு போச்சு"ன்னு முடிவு கட்டிடாதீங். அந்தப் பிளக்கப் புடுங்கிட்டு அதே ஓட்டையில உங்க போன் சார்ஜர மாட்டுங். சார்ஜ் ஏறலைன்னா பழுது செவுத்துல இருக்குது, டிவியில இல்லை. அதுக்கு எலக்ட்ரீசியனக் கூப்புடோணும், என்னையில்லை. சார்ஜு ஏறுது, டிவியில மட்டும் லைட்டு இல்லைன்னா, பவர் ஒயரு டிவிக்குள்ள போற முனையில கழட்டற மாதிரி இருந்தா ஒருக்கா கழட்டி அழுத்தி மாட்டுங். அப்பறமும் இல்லைன்னாத்தான் எனக்குச் சோறு.

லைட்டு நிக்காம மினுக்கு மினுக்குன்னு அடிச்சா, எத்தன வாட்டி மினுக்கி நிறுத்துதுன்னு எண்ணி எழுதிக்கங். சில கம்பெனி டிவி, எங்க வலிக்குதுன்னு அந்தக் கணக்குலதான் சொல்லும். "என்னமோ மினுக்குதுங்"ன்னு வந்து நின்னா, நானும் "என்னமோ பழுதுங்"ன்னுதான் சொல்லோணும்.

ரெண்டாவதுதான் முக்கியமானது. இதுக்கு மட்டும் காதை நல்லாத் தொறந்து வெச்சுக்கங். திரையில No Signal-ன்னு வந்தா, ஊட்டுல எல்லாரும் இழவு விழுந்த மாதிரி மூஞ்சிய வெச்சுக்கறீங். அட, அந்த எழுத்த எழுதுனது யாருங்? அந்த டிவிதானே! செத்த ஆளு எங்கயாவது கடுதாசி எழுதுவானுங்ளா? "நான் நல்லா இருக்கறேன், எனக்குச் சோறு போடறவன் வரலை"ன்னு அது சொல்லுது. டிவியோட சொந்த ரிமோட்ட எடுங், செட்டாப் பாக்ஸ் ரிமோட்டு இல்லை. அதுல மெனுவை அழுத்துங். பட்டியல் முழுசா, கலர் மாறாம, கோடு விழுகாமத் திரையில வந்துருச்சுன்னா, கண்ணாடிக்கும் உள்ள இருக்கற வெளிச்சத்துக்கும் ஒண்ணும் ஆகலை. மெனுவுலயும் அதே கோடு விழுந்தா, நோவு டிவிக்குள்ளதான். டிவி வேற, பாக்ஸ் வேற, ஒயரு வேற. இந்த மூணுல எதுங்கறதுக்கு மொதப் பஞ்சாயத்து இந்த ஒத்தப் பொத்தான்தான்.

மெனு நல்லா வந்தா அடுத்து Source இல்லாட்டி Input-ன்னு இருக்கற பொத்தான். பேரன் பென்டிரைவுல சினிமாப் பாத்துட்டு அப்படியே உட்டுட்டுப் போயிருப்பான். பாக்ஸு HDMI 1-ல இருக்கும், டிவி வேற வாசல்ல காத்துட்டு நிக்கும். மாத்திப் பாருங். அதுக்கப்பறம் பாக்ஸோட பிளக்கப் புடுங்கி, ரெண்டு நிமிசம் பொறுத்து மாட்டுங். ரீசார்ஜு முடிஞ்சு போச்சான்னும் பாருங். அதைக் கேட்டா எல்லாருக்கும் கோவம் வருதுங். "எங்களக் காசில்லாதவன்னு நெனச்சியா"ங்கறாங்க. நான் அப்படியா கேட்டேன், தேதியத்தானே கேட்டேன்?

டிஷ் வெச்சிருந்தா காத்தையும் மறந்துடாதீங். ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க்குள்ள நொழையற காத்து, தென்னைய வளைக்குது, உங்க மொட்டை மாடி டிஷ்ஷ உடுமா? ஒரு வெரக்கடை திரும்புனாலே போதும், படம் போயிரும். பெருமழ கொட்டற நேரத்துல மட்டும் போயி, மழ விட்டா வந்துட்டா அது கோளாறே இல்லை, மழதான் மறைக்குது. வானம் வெளுத்த பொறகும் வரலைன்னா, டிஷ்ஷு நகந்துருக்கும், இல்லாட்டி ஒயரு முனையில தண்ணி எறங்கியிருக்கும். அந்தக் காலத்துல கொடைக்கானல் டவரப் பாத்து ஆன்டெனாவத் திருப்ப ஒருத்தன் ஓட்டு மேல, ஒருத்தன் வாசல்ல, ஒருத்தி டிவி முன்னாலன்னு நின்னு கத்துனோமே, அந்தப் பொறுமை இப்ப யாருக்கு இருக்குது?

ரிமோட்டு வேலை செய்யலைன்னு டிவியத் தூக்கிட்டு வந்தவங்களும் உண்டுங். ரிமோட்டோட மூக்கை உங்க போன் கேமராவுக்கு முன்னால புடிச்சு ஒரு பொத்தான அழுத்துங். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போன் திரையில வெளிர் ஊதாவா மினுங்கும். பின்பக்கக் கேமராவுல சில போன்ல தெரியாது, மூஞ்சி எடுக்கற முன்பக்கக் கேமராவுலயும் பாருங். மினுங்கலைன்னா ரெண்டு செல்லையும் சேத்து மாத்துங். ஒரு புதுசு ஒரு பழசுன்னு சிக்கனம் புடிக்காதீங். டிவிக்கு அடியிலயோ பின்னாலயோ ஒரு பொத்தான் இருக்கும், அதுல வேலை செஞ்சா டிவி பொழச்சுக்கிச்சு.

இன்னொண்ணு, சத்தம் வருது, படம் வரலை. இதுக்கு ஒரு வேடிக்கை சொல்றேன். ராத்திரி ஊட்டு லைட்ட அணைச்சுப்போட்டு, போன் டார்ச்ச திரைக்குப் பக்கத்துல சாச்சுப் புடிங். உள்ள ஆளுக ஆவியாட்டம் மங்கலா நடமாடறது தெரிஞ்சா, படம் இருக்குது, பின்னால எரியற பேக்லைட்டுதான் போச்சு. உள்ள குட்டிக் குட்டி லைட்ட பட்டையில சரம் கோத்த மாதிரி வெச்சிருப்பாங்க. அதுல ஒண்ணு அந்துட்டாலும் போதும், பல டிவியில சரம் மொத்தமும் அணைஞ்சு போயிரும். "டார்ச்சடிச்சா ஆளு தெரியுதுங்"ன்னு நீங்க சொல்லிட்டு வந்தா, எந்தக் கடைக்காரனும் உங்ககிட்ட போர்டு மாத்தோணும்னு அவ்வளவு லேசாக் கதை உட முடியாது. நானுந்தான். படம் பளிச்சுன்னு இருக்கோணும்னு பேக்லைட்ட 100-ல வெச்சுப் பாக்கறவங்களுக்கு இந்த நோவு வெரசா வரும், எறக்கி வைங்.

ஆண்ட்ராய்டு டிவி கம்பெனிப் பேரக் காட்டிட்டு அங்கயே நின்னுக்குமே, அதுக்கு செவுத்துல பிளக்கப் புடுங்கிட்டு, டிவியோட பவர் பொத்தான அரை நிமிசம் அழுத்திப் புடிச்சு, அஞ்சு நிமிசம் கழிச்சு மாட்டிப் பாருங். பல வாட்டி எந்திரிச்சுக்கும். எந்திரிக்கலைன்னா கொண்டாங்.

இடி மின்னலுக்கும் ஒரு கதை இருக்குதுங். மறையூர்ல என்ற மச்சினன் இருக்கறான். போன ஐப்பசியில மத்தியானம் இடி வெட்டுச்சுன்னு சுவிட்ச அணைச்சுட்டானுங், பெரிய புத்திசாலி. சாயங்காலம் போட்டா No Signal. டிவிய சின்னாறு வழியா, உடுமலை, பொள்ளாச்சி சுத்தி இங்க கொண்டாறேன்னு போன் பண்ணுனான். இருடான்னேன். மெனு வருதான்னேன். வருதுன்னான். ஒயர HDMI 2-க்கு மாத்தச் சொன்னேன், அங்கயும் இல்லை. பாக்ஸ்ல இருந்து மஞ்ச, செவப்பு, வெள்ளன்னு மூணு ஒயரு இருக்குதே, அதை மாட்டச் சொன்னேன். படம் வந்துருச்சு! அப்ப பாக்ஸுக்கு உசுரு இருக்குது, HDMI வாசலு ஏதோ ஒரு பக்கம் கருகியிருக்குது. எந்தப் பக்கம்? பக்கத்து ஊட்டு டிவியில இவன் பாக்ஸ HDMI-ல மாட்டுனா வரலை. பக்கத்து ஊட்டு பாக்ஸ இவன் டிவியில மாட்டுனா HDMI 1-ல வரலை, 2-ல வந்துச்சு. கணக்கு முடிஞ்சுதுங். பாக்ஸோட வாசலும் போச்சு, டிவியோட மொத வாசலும் போச்சு. மின்னலு கரண்டு வழியா வரலை. கேபிள் ஒயருல எறங்கி, பாக்ஸுக்குள்ள பூந்து, HDMI ஒயருல நடந்து டிவிக்கு விருந்துக்குப் போயிருக்குது. பாக்ஸ மட்டும் மாத்தி, ரெண்டாவது வாசல்ல மாட்டி இன்னிக்கும் பாத்துட்டிருக்கான்.

சுவிட்ச அணைச்சா ஒரு ஒயருதான் அறுபடும். இடி கேக்கறதுக்கு முன்னாலயே, சித்திரையிலயும் ஐப்பசியிலயும் மத்தியானமே மானம் கறுத்துச்சுன்னா, கரண்டுப் பிளக்கு, கேபிள் ஒயரு ரெண்டையும் புடுங்கி வெச்சுருங். தலைக்கு மேல இடி வெட்டறப்ப ஒயரத் தொட்டுட்டு நிக்காதீங், டிவி போனா நான் இருக்கறேன்.

யூடியூப்ல பாத்தேன்னு முதுகக் கழட்டறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பிளக்கப் புடுங்குன பொறகும் உள்ள ஒரு கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல ஒளிஞ்சுட்டிருக்கலாம். கருகுன வாசம் வந்தாலோ, பொகைஞ்சாலோ, உள்ள பல்லி செத்த நாத்தம் அடிச்சாலோ இந்தப் பரிச்சையெல்லாம் வேண்டாம். பிளக்கப் புடுங்குங், நேரா வாங்.

வர்றப்ப ரிமோட்டையும் பவர் ஒயரையும் கொண்டாங். நிக்க வெச்சே கொண்டாங். நடுத் திரையில கை வெச்சு அமுக்காதீங். கோவிந்தாபுரத்துல இருந்து ஒருத்தரு, 32 இஞ்ச் டிவிய கம்பளியில சுத்தி, லோடு ஆட்டோவுல தேங்கா மூட்டை மேல தொட்டிலு கட்டுன மாதிரி படுக்கப் போட்டுக் கொண்டாந்தாரு. பிரிச்சு மாட்டுனேன், Source பொத்தான ஒரு தட்டுத் தட்டுனேன். படம் வந்துருச்சு, கூடவே இடது பக்கம் முழுக்கச் சிலந்தி வலையும் வந்துருச்சு. பேனல் மாத்தற காசுக்குப் புது டிவியே கிட்டத்தட்ட வந்துரும்னேன். மனுசன் அசரலையே! அதையே கொண்டுட்டுப் போயி இன்னிக்கும் பாக்கறாரு. சீரியல்ல மாமியாக்காரி வலது பக்கந்தான் நிக்கறாளாம், அது போதுமாம்.

சரி, உங்க கதைக்கு வருவோம். மெனு வந்துச்சாங், இல்லியா?