இங்கே சொடுக்கவும்

காகிதத்தில் அச்சடித்த கடிதத்தில் "இங்கே சொடுக்கவும்" என்று இருந்தால், எங்கே ஐயா சொடுக்குவது? போன வாரம் மகள் பாடசாலையிலிருந்து கொண்டுவந்த கடிதம் அது. எங்கோ கணினியில் நீல நிறத்தில் அடிக்கோடிட்டு இருந்ததை அப்படியே போட்டோ கொப்பி எடுத்து, நீலம் சாம்பலாகி, ஐந்நூறு வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. ஒருமுறை விரலை வைத்து அழுத்தித்தான் பார்த்தேன். மனைவி பார்த்துவிட்டாள். அதைப் பற்றி மேலே வேண்டாம்.

விசயம் இதுதான்: எமது பாடசாலையின் உத்தியோகபூர்வ இணையத்தளம் திறந்து வைக்கப்பட்டுள்ளது, அதில் பெற்றோர் அனைத்துத் தகவல்களையும் பார்வையிடலாம். அதிபரின் ஆசிச் செய்தி, தூரநோக்கு, பணிக்கூற்று, பாடசாலைக் கீதம், புகைப்படத் தொகுப்பு, செய்திகள், பதிவிறக்கங்கள். எங்கள் தோட்டத்துப் பெற்றோருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தவணைப் பரீட்சை நேரசூசி. கீழ் லயத்து அக்கா கொழுந்து நிறுத்துவிட்டு வந்த கையோடு கேட்டார்: "அண்ணே, சோதனை என்னைக்குன்னு இதுல போட்டிருக்கா, பாருங்க." பார்த்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கும் இந்தக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முகவரி கடிதத்தின் அடியில், எறும்பு எழுத்தில் இருந்தது. கடைசியில் .sch.lk என்று முடிந்தது. நம் நாட்டில் பாடசாலைகளுக்கென்றே ஒதுக்கிய வால் அது. கண்ட கடைக்காரரும் எடுத்து ஒட்டிக்கொள்ள முடியாது. அந்த வகையில் பாராட்டுத்தான். தட்டினேன். வெள்ளைத் திரை. எதிரே பீதுருதலாகல மலை நிற்கிறது, 2,524 மீற்றர், நாட்டிலேயே உயரம், உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரம். அதற்கும் எங்கள் லயத்துக்கும் நடுவில் ஒரு குன்று. சிக்னல் என்பது குன்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களின் சொத்து. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடி, வாட்ஸ்அப்பில் பாடம் நடந்தபோது பிள்ளைகள் புத்தகமும் போனுமாய் மலையேறிய கதையை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இப்போது பெற்றோரின் முறை. தண்ணீர்த் தாங்கி மேட்டுக்குப் போனேன்.

முகப்பில் படங்கள் ஓடின. ஓடின என்பது மரியாதைக்குச் சொல்வது, ஊர்ந்தன. போனில் எடுத்த படத்தை எடுத்த மாதிரியே ஏற்றியிருக்கிறார்கள். ஒரு படம் நாலைந்து மெகாபைட். பதினொரு படம் சேர்ந்தால் ஐம்பது. எங்கள் மேட்டில் நல்ல நாளில் கிடைக்கும் வேகம் வினாடிக்கு ஒரு மெகாபிட் என்று வைத்தால், அந்த ஐம்பதும் இறங்க ஆறரை நிமிடத்துக்கு மேல் வேண்டும். அதே படங்களை 1,200 புள்ளி அகலத்துக்குச் சுருக்கிப் போட்டிருந்தால் ஒன்று 200 கிலோபைட் அளவில் நின்றிருக்கும். பதினொன்றும் இருபது வினாடிக்குள் வந்து முடிந்திருக்கும். போன் திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ரீலோட் பணத்தில்தான் தெரியும்.

சரி, அப்படி எதைப் பார்க்க ஆறரை நிமிடம்? குத்துவிளக்கை. பதினொன்றும் விளக்கேற்றும் படங்கள். இணையத்தள அங்குரார்ப்பண விழாவாம். இணையத்தளத்தைத் திறந்து வைக்க விளக்கா என்று கேட்கக் கூடாது. நம்மூரில் கழிப்பறைத் தொகுதிக்கே விளக்கேற்றித்தான் திறப்பார்கள். விளக்குக்குத் திரி ஐந்து. பிரமுகர்கள் பதினொருவர். கணக்கு எப்படிச் சரிவரும்? முதல் ஐவர் ஏற்றிய திரிகளையே மற்ற அறுவரும் திரும்ப ஏற்றுகிறார்கள். எரிகிற திரிக்கு மெழுகுவர்த்தியைக் காட்டி, முகத்தை மட்டும் கமராவுக்குத் திருப்பி ஒரு புன்னகை. பதினொருவரில் ஒருவராவது திரியைப் பார்க்கிறாரா என்று படத்தைப் பெரிதாக்கித் தேடினேன். இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரின் மெழுகுவர்த்தி திரிக்கு அரை அடி தள்ளி அந்தரத்தில் நிற்கிறது. நான்காவது படத்தில் காற்று. நுவரெலியாக் காற்று பிரமுகர் பார்க்குமா? மூன்று திரி அவுட். ஐந்தாவது படத்தில் மூலையில் தீப்பெட்டியோடு ஓர் இளம் ஆசிரியர் தோன்றுகிறார். ஆறாவதிலும் அவர். ஏழாவதில் கற்பூரம் கிடைத்திருக்கிறது, முகத்தில் சிறு நிம்மதி. எட்டாவதில் மறுபடியும் காற்று, நிம்மதி போய்விட்டது. ஒன்பதாவதில் தன் உடம்பையே காற்றுக்கு மறைப்பாக நிறுத்தியிருக்கிறார். பிரதம விருந்தினரின் பாதி முகத்தையும் சேர்த்து மறைத்ததால் பத்தாவதில் ஆசிரியரைக் காணவில்லை. யாரோ இழுத்திருக்க வேண்டும். பதினோராவதில் எல்லோரும் வரிசையாக நிற்க, விளக்கில் ஒரே ஒரு திரி எரிகிறது. அந்த ஒன்றையும் அவர்தான் ஏற்றியிருப்பார் என்பது என் துணிபு. அவர் பெயர் கீழே இல்லை. மற்றப் பதினொருவரின் பெயரும் பட்டங்களோடு இருக்கின்றன.

நேரசூசி. மறக்கவில்லை. "செய்திகள்" பக்கத்தில் இருக்கும் என்று போனேன். அங்கே வரவேற்றது இது:

```
ngw;Nwhu; ftdj;jpw;F
```

மந்திரம் இல்லை, "பெற்றோர் கவனத்திற்கு". பாமினி எழுத்துரு. காரியாலயத்தில் கடிதம் அடிக்கும் தம்பிமார் எல்லோரும் பழகிய எழுத்துருதான். அதில் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. பாமினி அதன்மேல் தமிழ்ச் சட்டையை மாட்டிவிடுகிறது. g தட்டினால் ப தெரியும், h தட்டினால் கால் தெரியும். காரியாலயக் கணினியில் பாமினி இருக்கும்வரை எல்லாம் தமிழ். வெட்டி எடுத்து இணையத்தில் ஒட்டியதும், பாமினி இல்லாத நம் போனில் சட்டை கழன்றுவிடுகிறது. ஒட்டிய தம்பிக்கு இது தெரியாது. அவர் கணினியில் அழகாகத்தான் தெரிந்திருக்கும். நல்ல காலமாக மருந்து சுலபம். பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசம். கடிதத்தை ஒரு பெட்டியில் ஒட்டினால் மற்றப் பெட்டியில் எந்தப் போனிலும் தெரியும் தமிழ் வரும். ஒரு நிமிட வேலை.

இந்தச் சிக்கலை யாரோ சொல்லியிருக்க வேண்டும். பாடசாலையும் தீர்வு கண்டிருக்கிறது: அடுத்த அறிவித்தலை அச்சடித்து, மேசையில் வைத்துப் படம் எடுத்து, அந்தப் படத்தை ஏற்றிவிட்டார்கள். ஒரு பக்கக் கடிதத்தை எழுத்தாகப் போட்டால் பத்துக் கிலோபைட் தாண்டாது. படமாக அது மூன்று மெகாபைட். முந்நூறு மடங்காவது இருக்கும், அதுவும் ஓரத்தில் யாருடையதோ தேத்தண்ணிக் கோப்பையோடு. திகதி இருக்க வேண்டிய இடத்தில் கோப்பையின் நிழல்.

நியாயமாகச் சொன்னால் "பதிவிறக்கங்கள்" பக்கம் உருப்படி. பாடநூல்களுக்கு edupub.gov.lk, பாடங்களுக்குக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ, பெறுபேறுக்கு doenets.lk என்று இணைப்புகள் ஒழுங்காக இருக்கின்றன. தொட்டால் திறக்கின்றன. அவை மூன்றும் வேறு ஆட்கள் நடத்துபவை.

கீழ் லயத்து அக்காவுக்கு விடை அவர் மகனிடமிருந்தே கிடைத்துவிட்டது. வகுப்பறைக் கரும்பலகையில் சோக்கால் எழுதிப் போட்டிருந்தார்களாம்.

ஆகவே தளத்தைப் பராமரிக்கும் தம்பிக்கு, அந்தத் தீப்பெட்டி ஆசிரியர் நீங்களாகவும் இருக்கலாம், என் விண்ணப்பம்: பரீட்சைத் திகதி, கூட்டத் திகதி, விடுமுறை, காரியாலயத் தொலைபேசி எண், இந்த நான்கையும் யூனிகோடில் தட்டி முகப்பின் உச்சியில் வையுங்கள். விளக்குப் படம் ஒன்று போதும், சுருக்கிப் போடுங்கள், கடைசியில் போடுங்கள். உங்கள் பெயரையும் கீழே எழுதுங்கள்.